ஷேடோவா, டெக்ஸ்சரா: கேம் மெனுவில் எதைக் குறைத்தால் வேகம் கிடைக்கும்?

கேள்வி: என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650 (4 ஜிபி) போட்ட லேப்டாப், 16 ஜிபி ரேம், 144 ஹெர்ட்ஸ் திரை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐ 1080பி-யில் ஓட்டினால் 40 எஃப்பிஎஸ் பக்கம்தான் வருகிறது. எல்லாவற்றையும் Low-வுக்கு இறக்கினால் வேகம் கூடுகிறது, ஆனால் தரை, முகம், துணி எல்லாம் களிமண் பூசிய மாதிரி ஆகிவிடுகிறது. எதைக் குறைத்தால் நிஜமாகவே வேகம் கூடும்? எதைக் குறைத்து ஒரு பயனும் இல்லை? முதலில் ஷேடோவில் கை வைப்பதா, டெக்ஸ்சரிலா?

பதில்:

ஷேடோவில் கை வையுங்கள். டெக்ஸ்சரைத் தொட வேண்டாம். இந்த கேமில் அதை Ultra-விலேயே விடுங்கள். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: அந்த டெக்ஸ்சர்கள் உங்கள் 4 ஜிபி வீடியோ மெமரிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கணக்கே தலைகீழாகிவிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். எஃப்பிஎஸ் எண்ணை வைத்துக்கொண்டு எந்த அமைப்பு எவ்வளவு தின்கிறது என்று அளக்க முடியாது. ஒரு ஃபிரேமை வரைய எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பாருங்கள். 1000-ஐ எஃப்பிஎஸ்-ஆல் வகுத்தால் அது கிடைத்துவிடும். 40 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 25 மில்லிசெகண்ட், 60 என்றால் 16.7. ஆக, 60-ஐத் தொட வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமிலிருந்தும் 8.3 மில்லிசெகண்ட் வேலையை வெட்ட வேண்டும். ஏதோ ஒரு அமைப்பை ஒரு படி இறக்கியதில் 2 மில்லிசெகண்ட் மிச்சமானது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 எஃப்பிஎஸ்-ல் இருக்கும் உங்களுக்கு அது 43.5 ஆகத் தெரியும். 100 எஃப்பிஎஸ்-ல் இருப்பவருக்கு அதே 2 மில்லிசெகண்ட் 125 ஆகத் தெரியும். அதனால்தான் பெரிய கார்டு வைத்திருப்பவர் வீடியோவில் "இதைக் குறைத்தேன், 25 எஃப்பிஎஸ் கூடியது" என்று சொல்வது நம் லேப்டாப்பில் அப்படியே நடப்பதில்லை.

இந்த 25 மில்லிசெகண்டுக்குள் கார்டு வரிசையாகப் பல வேலைகளைச் செய்கிறது. நிழல்களுக்கான தயாரிப்பு, மரம் மலை மனிதர்களை வரைவது, ஒளி கணக்கிடுவது, மூலைகளில் படியும் மெல்லிய இருட்டு, மூடுபனி, பிரதிபலிப்பு, கடைசியாக விளிம்புகளை மழமழவென்று ஆக்குவது. மெனுவில் உள்ள அமைப்புகளில் பெரும்பாலானவை இந்த வேலைகளில் ஏதாவது ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்பவை. டெக்ஸ்சர் தரம் மட்டும் அப்படியில்லை. அது தனி வேலையே அல்ல. மற்ற வேலைகள் நடக்கும்போது எடுத்துப் படிக்கப்படும் படங்களின் அளவு. ஷேடோவுக்கும் டெக்ஸ்சருக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்.

டெக்ஸ்சர் என்பது ஒரு பொருளின் மேல் ஒட்டப்படும் படம். 4096க்கு 4096 புள்ளிகள் கொண்ட ஒரு டெக்ஸ்சரை, கேம்களில் பரவலாகப் பயன்படும் BC7 என்ற சுருக்க முறையில் வைத்தால், ஒரு புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 16 எம்பி ஆகும். அதோடு மிப்மேப் எனப்படும் சிறிய பிரதிகளும் சேர்ந்தே வரும்: 2048, 1024, 512 என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும் அதே படம். அவற்றுக்கு இன்னொரு மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் மொத்தம் 21 எம்பி சொச்சம். தரத்தை ஒரு படி இறக்கும்போது பல கேம்கள் செய்வது அந்த மிகப் பெரிய பிரதியை ஏற்றாமல் விடுவதுதான். அப்போது 2048 பிரதியிலிருந்து தொடங்கும். செலவு 5 எம்பி சொச்சமாகக் குறையும். மெமரியில் நான்கில் மூன்று பங்கு மிச்சம்.

நேரத்தில் எவ்வளவு மிச்சம்? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. திரையில் ஒரு புள்ளிக்கு நிறம் எடுக்கும்போது, அந்தப் பொருள் திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்து, அதற்குப் பொருத்தமான பிரதியிலிருந்துதான் கார்டு படிக்கும். தூரத்தில் நிற்கும் குதிரைக்கு 4096 பிரதி இருந்தாலும் அதைத் தொடவே தொடாது. சிறிய பிரதியில் நாலைந்து புள்ளிகளைப் படித்து வேலையை முடித்துவிடும். பெரிய பிரதி தேவைப்படுவது ஆர்தர் மார்கனின் முகமோ சட்டையோ கேமராவுக்கு நேர் முன்னால் வரும்போதுதான். அப்போதும் ஒரு திரைப் புள்ளிக்குப் படிக்க வேண்டியது அதே சில புள்ளிகள்தான். படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எடுத்துப் படிக்கும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே டெக்ஸ்சரை Low ஆக்கினால் நேரம் மிச்சமாவதில்லை, அருகில் பார்க்கும் அத்தனையும் மங்கலாவதுதான் மிச்சம். நீங்கள் பார்த்த களிமண் அதுதான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ல் இது மற்ற கேம்களைவிட மோசம். Ultra-வுக்கு ஒரு படி கீழே High-க்கு வந்தாலே பாறையும் மரத்தூணும் மங்கிவிடுகின்றன.

இப்போது அந்த நிபந்தனைக்கு வருகிறேன். கார்டின் மெமரி நிறைந்துவிட்டால், மீதி டெக்ஸ்சர்கள் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமில் போய் உட்காரும். தேவைப்படும்போது பிசிஐஇ பாதை வழியாக அவற்றைக் கொண்டுவர வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650-ஐ டெஸ்க்டாப் கார்டாக எடுத்துக்கொண்டால், ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்த முதல் பதிப்பில் அதன் சொந்த மெமரியின் வேகம் நொடிக்கு 128 ஜிபி. பிசிஐஇ 3.0 பாதை முழு 16 தடத்தோடு இருந்தாலும் நொடிக்கு 16 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. எட்டில் ஒரு பங்கு வேகம்! 2022 ஜனவரியில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பலரிடம் திட்டு வாங்கியது இதனால்தான். அதுவும் 4 ஜிபி கார்டு, ஆனால் பாதையில் நான்கே தடம். பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் போட்டால் நொடிக்கு 4 ஜிபி அளவுக்குச் சுருங்கிவிடும். மெமரிக்குள் அடங்கும்வரை ஒழுங்காக ஓடிய கேம்கள், டெக்ஸ்சரை ஒரு படி ஏற்றியதும் திக்கித் திணறின.

மெமரி நிறைந்து வழிகிறதா இல்லையா என்பதைச் சராசரி எஃப்பிஎஸ் காட்டிக்கொடுக்காது. சராசரி 45 என்று நன்றாகவே இருக்கும். கேமராவைச் சட்டென்று திருப்பும்போதோ ஊருக்குள் குதிரையில் நுழையும்போதோ ஒரு வெட்டு வெட்டி நிற்கும். அதைப் பிடிக்க விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, Performance பக்கத்தில் கார்டைத் தேர்ந்தெடுங்கள். Dedicated GPU memory என்பது கார்டின் சொந்த மெமரி, Shared GPU memory என்பது ரேமிலிருந்து கடன் வாங்கியது. முதலாவது 4 ஜிபியை முட்டி நிற்க, இரண்டாவது விளையாட விளையாட ஏறிக்கொண்டே போனால் வழிகிறது என்று அர்த்தம். இரண்டாவதில் சிறிய அளவு எப்போதும் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. சில கேம்கள் வெட்டாமல் வேறு வழியில் சமாளிக்கும்: மெனுவில் Ultra என்றே இருக்கும், ஆனால் இடமில்லாததால் தானாகவே சிறிய பிரதிகளை ஏற்றி, சுவரும் போஸ்டரும் மங்கலாகவே நிற்கும்.

டெக்ஸ்சர் இலவசம் என்ற விதி முழுவதுமாக உடைந்ததற்கும் உதாரணம் உண்டு. 2023 மார்ச்சில் பிசிக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1-ல், வெளியான புதிதில் 8 ஜிபி கார்டிலேயே High டெக்ஸ்சர் திணறியது. Medium-க்கு இறக்கினால் பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு வந்த பேட்ச்கள்தான் அதைச் சரிசெய்தன. உங்கள் கேம் அந்த வகை அல்ல. 2019-ல் பிசிக்கு வந்தபோது பரிந்துரைக்கப்பட்ட கார்டுகளில் ஒன்று 4 ஜிபி ஆர்எக்ஸ் 480. அதனால் 1080பி-யில், விளிம்புகளைச் சீராக்கும் MSAA போன்ற மெமரி தின்னிகளை அணைத்துவிட்டால், Ultra டெக்ஸ்சரும் 4 ஜிபியும் ஒத்துப்போகும்.

டெக்ஸ்சரோடு சேர்த்து Anisotropic Filtering என்று ஒன்று இருக்கும். தரை, சாலை போன்று சாய்வாகத் தெரியும் பரப்புகள் தூரத்தில் மங்காமல் பார்த்துக்கொள்வது அது. தனி கிராபிக்ஸ் கார்டுகளில் 16x-க்கு ஆகும் செலவு மிகக் குறைவு, கண்ணுக்குத் தெரியும் பலனோ பெரிது. அதையும் உச்சத்திலேயே விடுங்கள்.

சரி, நிழலுக்கு வருவோம். இன்றும் பெரும்பாலான கேம்களில் நிழல் போடப்படுவது 1978-ல் லான்ஸ் வில்லியம்ஸ் எழுதிய முறையின் வழியில்தான். சூரியன் இருக்கும் இடத்தில் ஒரு கேமராவை வைத்து, அங்கிருந்து பார்த்தால் என்னென்ன தெரியும் என்று உலகத்தை ஒரு தடவை வரைய வேண்டும். நிறம் வேண்டாம், ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரம் என்பது மட்டும் போதும். அந்தப் படத்துக்குப் பெயர் ஷேடோ மேப். பிறகு நம் கேமராவிலிருந்து வரையும்போது, ஒவ்வொரு புள்ளியும் சூரியனுக்குத் தெரிகிறதா என்று அந்தப் படத்தோடு ஒப்பிடுவார்கள். தெரியவில்லை என்றால் நிழல்.

ஆக, நிழல் என்பது காட்சியை இன்னொரு முறை வரைவது. அதுவும் ஒரு முறையோடு நிற்பதில்லை. ஒரே ஷேடோ மேப்பை ஒரு மலைத்தொடர் முழுவதற்கும் விரித்தால், காலடியில் விழும் தொப்பி நிழல் கட்டம் கட்டமாகிவிடும். அதனால் பெரிய வெளி உள்ள கேம்களில் பக்கத்துக்கு ஒன்று, கொஞ்சம் தள்ளி ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று வழக்கமாக மூன்று நான்கு மேப்கள் வரைவார்கள். பக்கத்தில் உள்ள மரம் ஒவ்வொரு ஃபிரேமிலும் திரைக்காக ஒரு முறையும் நிழலுக்காக ஒன்றிரண்டு முறையும் வரையப்படுகிறது. இந்த கேமில் காடுதான் அதிகம். இலைகளோ நிழலுக்கு மிகவும் கெட்டவை, ஏனென்றால் ஒவ்வொரு இலையிலும் எது ஓட்டை, எது பச்சை என்று தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

தரத்தை ஒரு படி ஏற்றும்போது பெரும்பாலும் ஷேடோ மேப்பின் பக்க அளவு இரட்டிப்பாகும். 2048 என்பது 4096 ஆகும். பக்கம் இரண்டு மடங்கு என்றால் புள்ளிகள் நான்கு மடங்கு. புள்ளிக்கு 4 பைட் என்று பார்த்தால் 16 எம்பி மேப் 64 எம்பி ஆகிறது. நான்கு மேப்களுக்கு 256 எம்பி. 4 ஜிபி கார்டில் இது சின்னத் தொகை அல்ல. அதற்கு மேல், விளிம்பு மென்மையாக இருக்க ஒவ்வொரு திரைப் புள்ளிக்கும் ஒரு தடவைக்குப் பதிலாகப் பல தடவை ஒப்பிட்டுச் சராசரி எடுப்பார்கள். அதுவும் உயர்ந்த தரத்தில் கூடும். டெக்ஸ்சரைப் போல ஒரு தடவை ஏற்றிவிட்டு மறந்துவிட முடியாது. சூரியன் நகர்கிறது, குதிரை ஓடுகிறது, இலை ஆடுகிறது. அதனால் இவ்வளவும் ஃபிரேமுக்கு ஃபிரேம் புதிதாக நடக்க வேண்டும்.

இவ்வளவு செலவு செய்து Ultra-வில் என்ன கிடைக்கிறது? நிழலின் விளிம்பு இன்னும் கொஞ்சம் கூர்மையாகிறது. உண்மையான வெயிலைப் பாருங்கள்: வேலிக்கம்பின் நிழல் கம்பின் அடியில் கூர்மையாகவும், தள்ளிப் போகப் போக மங்கலாகவும்தான் விழும். அதனால் Medium, High-ல் வரும் சற்று மென்மையான நிழல் கண்ணுக்கு உறுத்துவதே இல்லை. நின்று, இரண்டு ஸ்கிரீன்ஷாட்டை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புலப்படும். ஆனால் Low வேறு கதை. மேப்பில் புள்ளிகள் போதாமல் நிழல் விளிம்பு படிக்கட்டு போல ஆகி, சூரியன் நகரும்போது நெளியத் தொடங்கும். அசையும் குறை கண்ணை உடனே இழுக்கும். என் கருத்தில் நிழலை ஒருபோதும் Ultra-வில் வைக்க வேண்டாம், முடிந்தவரை Low-விலும் வைக்க வேண்டாம். Medium-தான் உங்கள் கார்டுக்குச் சரியான இடம்.

உங்கள் மெனுவில் Shadow Quality, Far Shadow Quality என்று இரண்டு இருக்கும். இரண்டாவது தூரத்து நிழல்களுக்கு. அதை அடியோடு குறைத்தால் எதிர் மலையின் மரங்கள் தரையில் ஊன்றாமல் ஒட்டிவைத்த மாதிரி நிற்கும். இந்த கேமில் மலை முகட்டில் நின்று வேடிக்கை பார்ப்பதே பாதி சுகம் என்பதால் அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் Medium-ல் வைத்து ஆரம்பியுங்கள், மலைகள் தட்டையாகத் தெரிந்தால் இரண்டாவதை மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். Grass Shadows, Long Shadows ஆகியவற்றைக் குறைத்துவிடுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். புல்லின் நிழலை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. நீள நிழல் விடியலிலும் அந்தியிலும் மட்டும்தான் வேலை செய்யும்.

நிழலைவிட அதிகமாகத் தின்பவையும் இந்த மெனுவில் இருக்கின்றன. முதலாவது MSAA. விளிம்புகளை ஒரு புள்ளிக்குப் பல மாதிரிகள் எடுத்துச் சீராக்கும் பழைய முறை அது. இன்றைய கேம்கள் ஒளியைக் கணக்கிடும் விதத்தோடு அது பொருந்தாது. மெமரியையும் நேரத்தையும் சேர்த்து விழுங்கும். உங்கள் கார்டில் 2x கூட வேண்டாம். முந்தைய ஃபிரேம்களையும் கலந்து விளிம்பைச் சீராக்கும் TAA-வை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை அணைத்தாலும் பிரச்சினைதான், ஏனென்றால் இந்த கேமின் தலைமுடியும் இலைகளும் TAA இருக்கும் என்று நம்பியே வரையப்பட்டவை. அணைத்தால் புள்ளி புள்ளியாகப் பொரியும்.

இரண்டாவது Water Physics Quality. இதன் ஸ்லைடரை உச்சத்துக்குத் தள்ளினால் ஆற்றங்கரையில் எஃப்பிஎஸ் பெரிய அளவில் சரியும். பாதிக்குக் கீழே வைத்துவிட்டு ஆற்றில் இறங்கிப் பாருங்கள். அலை இன்னும் அலையாகத்தான் இருக்கும். மூன்றாவது மூடுபனி, ஒளிக்கற்றை சம்பந்தப்பட்ட Volumetrics. திரையைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எவ்வளவு பனி, எவ்வளவு வெளிச்சம் என்று கணக்கிடுவது அது. பெட்டிகளைப் பெரிதாக்கினால் செலவு குறையும். பனி இயல்பிலேயே மங்கலானது என்பதால் வித்தியாசம் தெரிவது அரிது. ஆகவே Near, Far இரண்டு Volumetric Resolution-களும் Medium போதும். அடியோடு Low ஆக்கினால் விளக்கைச் சுற்றிய பனி திட்டுத் திட்டாக நடுங்கும். ஃபால்அவுட் 4-ன் காட் ரேஸ் எனப்படும் ஒளிக்கற்றைகள், அசாசின்ஸ் க்ரீட் ஒடிசியின் மேகங்கள் எல்லாம் இதே குடும்பம்தான். இரண்டிலுமே உச்சத்திலிருந்து ஒரு படி இறக்கியவர்களுக்கு வேகம் நன்றாகக் கூடியது, படத்தில் இழப்பு கண்டுபிடிக்கவே கஷ்டம்.

பிரதிபலிப்பை Low அல்லது Medium, ஒளித் தரத்தை Medium, மூலை இருட்டான SSAO-வை Medium என்று வைத்து, Full Resolution SSAO-வை அணைத்துவிடுங்கள். Geometry Level of Detail மட்டும் விதிவிலக்கு. அதை ரொம்பக் குறைத்தால் பொருள்கள் கண்ணெதிரே திடீர் திடீரென்று முளைக்கும், மிச்சமாகும் நேரமோ சொற்பம். அதை மேலேயே விடுங்கள். மோஷன் பிளர் உங்கள் ருசி. வேகத்துக்காக அதைத் தொட வேண்டாம்.

நான் சொல்லும் இந்தக் கலவை விசித்திரமான ஒன்றல்ல. கேம் பிசிக்கு வந்தபோது, கேம்களின் படத்தரத்தை ஆராயும் டிஜிட்டல் ஃபவுண்ட்ரி குழுவினர் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் பதிப்பைப் பிசி மெனுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கன்சோலில் டெக்ஸ்சர் பிசியின் Ultra அளவில் இருந்தது. மற்ற பல அமைப்புகள் Medium-லும் Low-விலும் இருந்தன. கேமை உருவாக்கியவர்களே, சக்தி குறைவாக இருக்கும்போது எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்த வரிசை அது.

இனி உங்கள் லேப்டாப்பில் செய்ய வேண்டியது. சார்ஜரைச் செருகிவிட்டு, கொஞ்ச நேரம் விளையாடி லேப்டாப்பைச் சூடாக்குங்கள். குளிர்ந்த கார்டு முதல் சில நிமிடம் அதிக வேகத்தில் ஓடும், அந்த எண் பொய். பிறகு கேமிலேயே உள்ள பெஞ்ச்மார்க்கை ஓட்டிச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். மெனுவில் Advanced பகுதி பூட்டியிருந்தால் Unlocked என்று மாற்றினால் திறக்கும். மாற்றத் தொடங்கும் முன் இந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள், எல்லா அமைப்புகளும் இதில்தான் இருக்கின்றன:

```
Documents\Rockstar Games\Red Dead Redemption 2\Settings\system.xml
```

ஒரு நேரத்தில் ஒரு தொகுதியை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். கணக்கு எப்படி வரும் என்பதற்கு உதாரண எண்களை வைத்துப் பார்ப்போம். நிழல்களை Medium ஆக்கியதும் 40 என்பது 44 ஆகிறது. அதாவது 25 மில்லிசெகண்ட் 22.7 ஆனது, மிச்சம் 2.3. அடுத்து பனியையும் பிரதிபலிப்பையும் இறக்கியதும் 48. இப்போது 20.8, மிச்சம் 1.9. மூன்றாவதாகத் தண்ணீரையும் SSAO-வையும் குறைத்ததும் 52, அதாவது 19.2, மிச்சம் 1.6. மூன்று முறையும் கூடியது அதே 4 எஃப்பிஎஸ்தான், ஆனால் வெட்டிய வேலை ஒவ்வொரு முறையும் சிறிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. எஃப்பிஎஸ்-ஐ மட்டும் பார்த்திருந்தால் மூன்றும் சமம் என்று நினைத்து, முதல் மாற்றத்தின் மதிப்பைக் குறைவாக எடை போட்டிருப்பீர்கள். கடைசியாக டெக்ஸ்சரை Ultra-விலும் Medium-லும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் மெமரி வழியவில்லை, Ultra-விலேயே நிறுத்திக்கொள்ளலாம். பெரிய இடைவெளி வந்தால் எங்கோ மெமரி முட்டுகிறது. பின்னணியில் திறந்திருக்கும் பிரவுசரை முதலில் மூடுங்கள், அதுவும் வீடியோ மெமரியில் இடம் பிடிக்கும்.

இவற்றில் எதைக் குறைத்தும் எண் அசையவில்லை என்றால் தடை கார்டில் இல்லை, பிராசசரில். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டுதான் தடை, 70, 80 என்று ஊசலாடினால் பிராசசர். ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கியும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். அப்போதும் நிழலைக் குறைப்பது கொஞ்சம் உதவும், ஏனென்றால் ஒவ்வொரு ஷேடோ மேப்புக்கும் "இந்தப் பொருளை வரை" என்ற கட்டளைகளைக் கார்டுக்கு அனுப்புவது பிராசசர்தான். SSAO, பிரதிபலிப்பு போன்றவற்றைக் குறைத்தால் அப்போது ஒன்றும் நடக்காது. 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காகப் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பல லேப்டாப்புகள் அப்படித்தான் விற்கப்படுகின்றன, பிராசசரின் மூச்சு பாதி அங்கேயே அடைத்துக்கொள்ளும்.

அப்புறம், 60. உதாரணக் கணக்கில் 19.2-லிருந்து 16.7-க்கு இன்னும் 2.5 மில்லிசெகண்ட் வேண்டும். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் FSR 2 இந்த கேமுக்கு 2022-ல் வந்தது. அதை Quality-யில் போட்டால் அது கிடைக்கக்கூடும். ஆனால் 1080பி-யில் Quality என்றால் உள்ளே 1280க்கு 720-ல் வரைகிறது, பாதிக்கும் குறைவான புள்ளிகள். இலைகளிலும் குதிரையின் பிடரியிலும் அந்த இழப்பு நடுக்கமாகத் தெரியும். நான் அதைப் போட மாட்டேன். உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ் என்பதால் வேறு நல்ல வழி இருக்கிறது: ஆஃப்டர்பர்னரோடு வரும் ரிவாட்யூனரில் எஃப்பிஎஸ் உச்ச வரம்பை 48 என்று வைத்து, கேமில் ஃபிரேம்களைத் திரையின் சுற்றோடு ஒத்துப்போக வைக்கும் விசிங்க்கைப் போடுங்கள். 144-ஐ 48-ஆல் வகுத்தால் சரியாக 3. ஒவ்வொரு ஃபிரேமும் திரையில் மூன்று சுற்று சமமாக நிற்கும். 45-க்கும் 58-க்கும் நடுவே அலைந்துகொண்டிருக்கும் எண்ணைவிட இது பார்க்க மிகவும் வழுவழுப்பாக இருக்கும். சராசரி 52 வருகிறதென்றால், கூட்டம் நிறைந்த செயிண்ட் டெனிஸ் தெருக்கள் தவிர மற்ற இடங்களில் 48 பெரும்பாலும் கீழே விழாது. அங்கேயும் விழாமல் இருக்க வேண்டுமானால் Far Shadow Quality-யை ஏற்றியிருந்தால் அதை முதலில் பழையபடி இறக்கிப் பாருங்கள். நகரத்துக்குள் தூரத்து மலை கண்ணுக்குப் படப்போவதில்லை.